வீட்டுக்கு எவ்வளவு சேரும்?
பணம் அனுப்பும் நிறுவனங்களுக்கு விளம்பர வசனம் எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்கள் எழுத்து எனக்கு மனப்பாடம். துபாயில் ஒரு பண மாற்று நிறுவனத்தின் கவுண்ட்டரில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். நீங்கள் சென்னையில் எழுதி, சென்னையில் குரல் பதிந்து அனுப்பும் முப்பது நொடி விளம்பரம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மனிதரின் வாய்வழியாக மறுநாள் மாலை என்னிடம் வந்து சேரும். “கட்டணமே கிடையாதுன்னு ரேடியோவுல சொன்னாங்களே அண்ணே?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னது நீங்கள் இல்லை, நான். அதனால்தான் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

விளம்பரம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் புல்லாங்குழல். பிறகு திண்ணையில் ஓர் அம்மா. “நல்லா சாப்பிடுறியாப்பா?” என்று கேட்பார். மகன் தொண்டை அடைக்க, “சாப்பிடுறேம்மா” என்பான். தங்கைக்கு நிச்சயம், அல்லது தீபாவளி, அல்லது பழைய வீட்டுக்கு ஓடு மாற்றுவது. அப்புறம் ஒரு கம்பீரமான குரல்: ‘கட்டணம் இல்லை, நொடியில் சேரும், உங்கள் அன்பைப் போலவே.’ கடைசியில் யாருக்கும் புரியாத வேகத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடி மறையும்.

அம்மாவின் மீது எனக்கு வருத்தம் இல்லை. அம்மா இருக்கட்டும். நூறு தடவை கேட்டும் கண் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் கலங்கியிருக்கிறேன். என் வழக்கு அந்தக் கம்பீரக் குரல் சொல்லும் இரண்டு வாக்கியங்களோடுதான்.

ஒரு மாலையைச் சொல்கிறேன். பரமக்குடிப் பக்கத்து மனிதர் ஒருவர், கொத்தனார். மாதாமாதம் எங்களிடம்தான் போடுவார். அந்த மாதம் மட்டும் கட்டணம் இல்லாத இன்னொரு இடத்தில் போட்டுவிட்டு, ரசீதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சண்டை போட வரவில்லை. கணக்குப் பார்த்துத் தரச் சொல்லி வந்தார். காலையில் கைபேசியில் விலை பார்த்திருக்கிறார். அதை வைத்து மனதுக்குள் பெருக்கி, மனைவியிடம் தொகையைச் சொல்லிவிட்டார். கட்டணம்தான் இல்லையே, அப்படியே போய்ச் சேரும் என்ற நம்பிக்கை. ஆனால் வங்கியில் விழுந்தது 700 ரூபாய்க்கு மேல் குறைவு. “மிச்சம் எங்கே?” என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். “எனக்கென்ன தெரியும்?” என்று இவர் சொல்ல, “உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?” என்று அங்கே கேட்க, இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

அந்த 700 ரூபாய் எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்களில் பலருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அந்த வரியை அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. முறை மட்டும் அன்றாடம் நடப்பது.

ஒரு திர்ஹாமின் சந்தை விலை இன்று 23 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் தேடினால் வருவது இந்த விலைதான். வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகையாக வாங்கி விற்கும்போது நிலவும் நடு விலை அது. எந்தத் தொழிலாளிக்கும் அந்த விலை கிடைப்பதில்லை. நிறுவனம் தனக்கென்று கொஞ்சம் குறைத்து ஒரு விலை வைக்கும். அந்த வித்தியாசம் அதன் வருமானம். கட்டணம் என்பது தனி வருமானம். ஆக, தொழிலாளியிடமிருந்து எடுக்க நிறுவனத்துக்கு இரண்டு கைகள் உண்டு. ஒரு கையை விரித்துக் காட்டி ‘ஒன்றுமில்லை பார்’ என்கிறது உங்கள் விளம்பரம்.

கொத்தனார் கொடுத்தது 1,500 திர்ஹாம் என்போம். கட்டணம் இல்லாத நிறுவனம் திர்ஹாமுக்கு 22.50 ரூபாய் தருகிறது. ஊரில் சேருவது 33,750. சந்தை விலையில் அது 34,500. ஆக, 750 ரூபாய் போய்விட்டது. கட்டணம் வாங்கும் நிறுவனம் 20 திர்ஹாம் கட்டணமும், அந்தக் கட்டணத்துக்கு 5 சதவீத வரியாக 1 திர்ஹாமும் எடுத்துக்கொள்கிறது. மீதி 1,479 திர்ஹாம். ஆனால் விலை 22.92 ரூபாய். ஊரில் சேருவது 33,898 ரூபாய் 68 பைசா. கட்டணம் வாங்கியவரிடம் போட்டிருந்தால் வீட்டுக்கு ஏறக்குறைய 149 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு, கட்டணம் இல்லை என்பவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் முடித்தால், அதுவும் உங்கள் விளம்பரம் மாதிரிதான் ஆகும். அதே விலைகளில் ஒருவர் 300 திர்ஹாம் மட்டும் அனுப்புகிறார் என்று பாருங்கள். கட்டணம் இல்லாத இடத்தில் 6,750 ரூபாய் சேரும். கட்டணம் வாங்கும் இடத்தில் 279 திர்ஹாம்தான் மாறும், சேருவது 6,394. சின்னத் தொகைக்குக் கட்டணம் இல்லாததே நல்லது. இந்த எண்களில் கோடு 1,146 திர்ஹாமில் விழுகிறது. அதற்குக் கீழே ஒருவர் லாபம், மேலே இன்னொருவர் லாபம். விலை மாறினால் கோடும் நகரும். அவசரத்துக்கு நடுமாதத்தில் கொஞ்சம் அனுப்புகிறவருக்கும், சம்பளத்தை மொத்தமாக அனுப்புகிறவருக்கும் ஒரே பதில் கிடையாது. ‘கட்டணம் இல்லை’ என்ற இரண்டு சொல் இருவரையும் ஒரே கவுண்ட்டருக்கு இழுக்கிறது.

எங்கள் நிறுவனம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஒரு பண்டிகைக் காலத்தில் நாங்களும் கட்டணத்தை எடுத்தோம். அன்று காலை கவுண்ட்டர் திறக்கும் முன் மேலாளர் வந்து பலகையில் விலையைக் குறைத்து மாற்றியதை என் கண்ணால் பார்த்தேன். பலகைக்குக் கீழேயே உங்கள் சுவரொட்டி. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கமும் இந்த மடலில் இருக்கிறது.

இந்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். விளம்பரத்துக்குப் பதில் கொடுக்கவும் பொருளைப் பெற்றுக்கொள்ளவும் ஆகும் தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு ஏதேனும் கட்ட வேண்டியிருந்தால், அதை இலவசம் என்று சொல்லக் கூடாது என்கிறது அது. உரிமைகோரல் எந்த மொழியில் இருக்கிறதோ, நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் விளம்பரம் கடல் தாண்டி ஓடுவதால் அந்த நெறி கட்டாது என்று ஒரு வக்கீல் வாதாடலாம். தமிழில் ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் நிபந்தனை சொல்வது சரியா என்று தெரிந்துகொள்ள நமக்கு வக்கீல் தேவையா?

அமெரிக்காவில் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். 2013 அக்டோபரிலிருந்து அங்கே ஒருவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பப் போனால், அவர் பணத்தைக் கட்டும் முன்பே கட்டணம் எவ்வளவு, மாற்று விலை என்ன, அந்தப் பக்கம் எவ்வளவு சேரும் என்ற மூன்றையும் நிறுவனம் எழுத்தில் காட்ட வேண்டும். மூன்றாவது எண்தான் முக்கியம். முதல் இரண்டையும் கூட்டிக் கழிக்கத் தெரியாதவர்கூட மூன்றாவதை வைத்து இரண்டு கடைகளை ஒப்பிட்டுவிடலாம். கொத்தனாருக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒரு எண்தான்.

இனி ‘நொடியில் சேரும்’ என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான நாட்களில் அது உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு உடனடிப் பரிமாற்ற வழியாகப் போனால், ரசீது கையில் இருக்கும்போதே ஊரில் குறுஞ்செய்தி வந்துவிடும். ஆனால் பணம் நிற்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில்தான் மருத்துவமனையில் ஆள் காத்திருப்பார்கள்.

ஏன் நிற்கிறது? ஒவ்வொரு அனுப்பலிலும் இரு பக்கப் பெயர்களையும் தடைசெய்யப்பட்டவர்கள் பட்டியலோடு கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே மாதிரிப் பெயர் இருந்தால் நிறுத்திவிடும். பிறகு ஓர் ஆள் உட்கார்ந்து பிறந்த தேதியையும் அடையாள எண்ணையும் சரிபார்த்து விடுவிக்க வேண்டும். ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கத்து முகமதுகளும் அப்துல்களும் இதனால் பட்ட பாட்டை நான் சொல்லி மாளாது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருக்கும் பெயரை வைத்திருப்பதைத் தவிர அவர்கள் வேறு ஒன்றும் செய்யவில்லை. இன்னொன்று, நம் முன்னெழுத்து. பாஸ்போர்ட்டில் செல்வி முருகேசன், வேறு அட்டையில் மு. செல்வி. ஊரில் ரொக்கமாக வாங்கப் போனால், அனுப்பியவர் எழுதிய பெயரும் காட்டும் அட்டையும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரொக்கத்துக்கு இன்னொரு வரம்பும் இருக்கிறது. பணப் பரிமாற்றத் திட்டத்தின் வழியே வரும் தொகையில் ஐம்பதாயிரம் ரூபாய் வரைதான் இந்தியாவில் கையில் ரொக்கமாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் கணக்குக்கோ காசோலையாகவோதான் போக வேண்டும்.

கணக்குக்குப் போடும்போது இதற்கு நேர்மாறான ஆபத்து. இந்தியாவுக்குள் மின்னணு முறையில் பணம் வரவு வைக்க வங்கிகள் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே செய்யலாம். பெயரை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஓர் எண்ணை மாற்றிப் போட்டால் பணம் எந்தத் தடங்கலும் இல்லாமல், உண்மையிலேயே நொடியில், முகம் தெரியாத ஒருவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். அதைத் திரும்பப் பெற அந்த முகம் தெரியாதவர் சம்மதிக்க வேண்டும். நீங்கள் பெருமையோடு சொல்லும் வேகம் இங்கே பகையாகிவிடுகிறது.

இத்தனையையும் முப்பது நொடியில் சொல்லச் சொல்கிறானே என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. இல்லை, இத்தனையையும் சொல்லச் சொல்லவில்லை. தமிழில் முப்பது நொடிக்கு அவசரமில்லாமல் பேசினால் ஐம்பது சொல்தான் அடங்கும். நம் சொற்கள் நீளம். அதில் அம்மாவுக்கே இருபது போய்விடுகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஐம்பது சொல்லையும் எங்கே, எப்படிக் கேட்கிறார்கள் என்று நீங்கள் யோசித்ததுண்டா?

கேம்ப்பில் ராத்திரி எட்டு மணி. ஓர் அடுப்புக்கு நாலு பேர் வரிசை. ஒருவர் வெங்காயம் அரிகிறார், கைபேசி ஜன்னல் மேடையில் இருக்கிறது. படம் ஓடினாலும் யாரும் திரையைப் பார்ப்பதில்லை, காது மட்டும் கொடுத்திருக்கிறார்கள். திரையின் அடியில் நீங்கள் பொடி எழுத்தில் போடும் நட்சத்திரக்குறி அங்கே இல்லவே இல்லை. வாயால் சொன்னதுதான் சொன்னது. கேட்கிறவர் கணக்குத் தெரியாதவர் என்றும் நினைத்துவிடாதீர்கள். விலை ஏறும் வரை சம்பளத்தைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் காத்திருக்கிறவர்கள் அவர்கள். ரூபாய் விழுந்தால் செய்தியில் கவலைப்படுவார்கள், எங்கள் கவுண்ட்டரில் கூட்டம் அலைமோதும். அவர்களுக்குத் தெரியாதது பெருக்கல் இல்லை. எதை எதோடு பெருக்குவது என்பதைத்தான் நீங்கள் மறைக்கிறீர்கள்.

எழுதிக் காட்டாமல் குறை சொல்வது எளிது. அதனால் நானும் ஒன்று எழுதிப் பார்த்தேன். தொழில்முறை எழுத்தாளன் அல்ல, நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

(குக்கர் விசில். பாத்திரம் கழுவும் சத்தம்.)
இளையவர்: அண்ணே, ஊருக்குப் போட்டாச்சா?
மூத்தவர்: போட்டாச்சுப்பா.
இளையவர்: கட்டணம் எவ்வளவு?
மூத்தவர்: அதை விடு. வீட்டுக்கு எவ்வளவு சேரும்னு கேளு.
அறிவிப்பாளர்: இன்று ஆயிரத்து ஐந்நூறு திர்ஹாம் கொடுத்தால், கட்டணம், வரி எல்லாம் போக, வீட்டுக்கு முப்பத்து மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய்.
இளையவர்: எப்ப சேரும்?
மூத்தவர்: பெரும்பாலும் உடனே. நின்னுட்டா, ரசீதுல இருக்கிற நம்பருக்குத் தமிழ்லயே கேட்கலாம்.
(நிறுவனத்தின் பெயர்.)

ஐம்பது சொல்லுக்குள் அடங்குகிறது, எண்ணிப் பார்த்தேன். இதில் மூன்று இடங்களை மட்டும் விளக்குகிறேன்.

அறிவிப்பாளர் வரியை ஒலிப்பதிவுக் கூடத்தில் பதியாதீர்கள். விலை தினம் மாறும். ஒரு வாரம் பழைய எண் ஓடினால் அதுவே பொய். அந்த இடத்தை வெற்றிடமாக விட்டு அனுப்புங்கள். பண்பலையில் காலையில் பேசுகிறவர் அன்றைய எண்ணை நேரலையில் வாசிக்கட்டும். சம்பளம் விழும் மாதத் தொடக்கத்துப் பத்து நாளுக்கு மட்டும் இதைச் செய்தாலே போதும், நிறுவனத்துக்கும் செலவு குறைவு. திரைக்கு எடுப்பதானால், எண்ணோடு தேதியையும் வாயால் சொல்லுங்கள்.

இரண்டாவது, ‘பெரும்பாலும்’ என்ற சொல். வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஆட்கள் முதலில் இதைத்தான் வெட்டச் சொல்வார்கள். ‘பலவீனமாக இருக்கிறது’ என்பார்கள். விடாதீர்கள். பணம் நின்றுபோன நாளில், முன்கூட்டியே சொல்லப்பட்டவர் கவுண்ட்டருக்கு வந்து விசாரிப்பார். ‘நொடியில்’ என்று நம்பியவர் வந்து மேசையில் அடிப்பார், அப்புறம் உண்டியல்காரரிடம் போய்விடுவார். உண்டியலில் ரசீது கிடையாது என்பது போட்ட பணம் வராதபோதுதான் அவருக்கு உறைக்கும்.

மூன்றாவது, முதல் தடவைக்கு மட்டும் தரும் சிறப்பு விலை. அதை வைத்து அந்த அறிவிப்பாளர் எண்ணைப் போடச் சொல்வார்கள். எனக்கு இதுதான் பெரிய பயம். என் யோசனை முழுவதையும் அந்த ஒரு தந்திரத்தால் கவிழ்த்துவிடலாம். வழக்கமாக அனுப்புகிறவருக்குக் கிடைக்கும் எண்ணைத்தான் சொல்வோம் என்று ஒப்பந்தம் பேசும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் நிறுவனம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பீர்கள். நல்ல விலை தருகிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு இது லாபம். உண்மையில் நல்ல எண்ணை வைத்திருந்தும், பக்கத்துக் கடைக்காரர் ‘கட்டணம் இல்லை’ என்று கத்துவதால் வாயடைத்துப் போனவர்கள் அவர்கள். மறுக்கிறவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பதும் உங்களுக்கு அந்தக் கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்று உங்களிடம் வந்து உட்காரும்போது, புல்லாங்குழலைப் பற்றிப் பேசும் முன், ‘1,500 திர்ஹாம் கொடுத்தால் இன்று வீட்டுக்கு எவ்வளவு சேரும்?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் எண்ணைத் தாளில் எழுதி, அதை வாயால் சொல்லும் ஒரு வரியையாவது வசனத்தில் வையுங்கள். சொல்ல மறுத்தால் ‘கட்டணம் இல்லை’ என்ற வரியை எழுதித் தராதீர்கள். அம்மா வேண்டுமானால் இருக்கட்டும். “நல்லா சாப்பிடுறியாப்பா?” என்று அவர் கேட்டு முடித்ததும், எவ்வளவு வந்தது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவன்